எந்த ஊர் நீலம்?

விம்கோ நகரில் காலையில் பால் வாங்க வருகிறவர்கள் பாக்கெட்டில் உள்ள எழுத்தைப் படிப்பதில்லை. "ரெண்டு நீலம், ஒரு பச்ச" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆவினில் நீலம் 3 சதவீதம் கொழுப்புள்ள சமன்படுத்திய பால். பச்சை 4.5 சதவீதம், ஆரஞ்சு 6 சதவீதம். ஆரஞ்சை நோக்கிப் போகப் போகப் பால் கெட்டியாகும், விலையும் ஏறும்.

பிரிட்டனில் இந்த வரிசை தலைகீழ். அங்கே நீல மூடி போட்ட புட்டி முழுப் பால், குறைந்தது 3.5 சதவீதம் கொழுப்பு. பச்சை மூடியில் 1.5 முதல் 1.8 வரை. சிவப்பு மூடியில் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. நமக்கு இளைத்த பாலைச் சொல்லும் நீலம் அவர்களுக்குக் கொழுத்த பாலைச் சொல்கிறது.

பொருள்களுக்கு உறை வடிவமைப்பது என் தொழில். பால்பொடி கலந்த டீத்தூள் தயாரிக்கும் ஒருவர், லண்டன் ஈஸ்ட்ஹாம் தமிழ்க் கடைகளுக்காக இரண்டு உறை கேட்டார். கொழுப்புக் குறைந்ததற்கு நீலம், கெட்டியானதற்கு ஆரஞ்சு என்று அவரே முடிவுசெய்திருந்தார். நான் எழுத்தே இல்லாத இரண்டு வெற்று உறைகளைப் படமெடுத்து அங்குள்ளவர்களுக்கு அனுப்பி, "இதில் எது கெட்டி?" என்று மட்டும் கேட்டேன். சென்னையிலிருந்து அண்மையில் போனவர்கள் ஆரஞ்சைக் காட்டினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் நீலத்தைக் காட்டினார்கள். இரு தரப்பும் ஒரே கடையில் வாங்குகிறவர்கள். எந்த நிறத்தைப் போட்டாலும் ஒரு பகுதியினர் தவறான பாக்கெட்டை எடுத்துப்போவார்கள். அதனால் நிறத்திடமிருந்து அந்த வேலையையே எடுத்துவிட்டேன். இரண்டு உறைக்கும் ஒரே அரக்குச் சிவப்பு. கொழுப்பு அளவு முகப்பில் பெரிய எண்ணில். பக்கத்தில் ஒரு டம்ளர் படம், ஒன்றில் பாதி, மற்றதில் விளிம்பு வரை. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தபோதும் வேறுபாடு தெரிந்தது.

சீனர்களுக்குச் சிவப்பு மங்கலம், வெள்ளை துக்கம் என்று நாடுவாரியாகப் பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது என்பதே என் கருத்து. குங்குமச் சிவப்பு நமக்கும் மங்கலம்தான், ஆனால் நம் பங்குச் சந்தைத் திரையில் சிவப்பு என்றால் இறக்கம். ஷாங்காய் சந்தையிலோ சிவப்பு ஏற்றத்தைக் காட்டும், பச்சை இறக்கத்தைக் காட்டும். நிறத்துக்கான பொருளை நாடு மட்டும் தருவதில்லை. அது எந்தப் பொருளின் மேல், எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் சேர்ந்து தருகிறது.

ஏற்றுமதிக்கு உறை போடுகிறீர்கள் என்றால், அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் முன், அந்த ஊர்க் கடையில் உங்கள் பொருள் உட்காரப்போகும் அலமாரியின் படத்தை வரவழைத்துப் பாருங்கள். எழுத்தை நீக்கிய உறையை அங்கே வாங்குகிறவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.