என் கால் 42 இல்ல, 268

போன லீவுல கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரில பதினஞ்சு நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டோம்னு முதலிலேயே சொல்லிட்டாங்க. ஆன்லைனில் ஒண்ணு பிடிச்சிருந்தது, ஆனா அதில் ஈயூ சைஸ் மட்டும்தான் இருந்தது. நான் எப்பவும் போடுறது யூகே 8. கூகுளில் தேடினேன், 8-ன்னா 42-ன்னு ஒரு அட்டவணை சொன்னது. ஆர்டர் போட்டாச்சு.

நாலாவது நாள் சாயங்காலம் ஷூவைக் கழட்டினா, இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடந்தது. முன்னாடி இருக்கிற ஸ்டீல் மூடியில் நாள் முழுக்க இடிச்சிருக்கு. ஸ்னீக்கர்னா துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஸ்டீல் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?

அந்த ஏரியாவிலேயே ஒரு சேஃப்டி ஷூ கடைக்கு நொண்டிக்கிட்டே போனேன். "அண்ணா, ஈயூ 43 இருக்குங்களா?" என்றேன். அவர் நம்பரைக் காதிலேயே வாங்கிக்கல. "காலை முதல்ல காட்டுங்க தம்பி. எத்தனை மில்லின்னு பார்ப்போம்" என்றார்.

மில்லியா? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கே இது தோணலையேன்னு கொஞ்சம் வெட்கமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து இந்த நம்பர்களை நோண்டிப் பார்த்தேன். யூகே நம்பரும் ஈயூ நம்பரும் நம்ம காலை அளக்கவே இல்லை. ஷூ தைக்கும்போது உள்ளே ஒரு கால் வடிவ அச்சு வைப்பாங்க, அதுக்கு லாஸ்ட்னு பேர். இந்த ரெண்டு நம்பரும் அந்த அச்சோட நீளம். விரல் அசைய இடம் வேணும்கிறதால அச்சு காலைவிட ஒன்றரை செ.மீ. போல நீளமா இருக்கும். எவ்வளவு நீளம் என்பது அந்த மாடலை வடிவமைக்கிறவர் முடிவு.

யூகே முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரு பார்லி மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மி.மீ. பழைய இங்கிலாந்து அளவை அது. குழந்தைகள் சைஸ் 4 அங்குலத்தில் பூஜ்யமா ஆரம்பிச்சு 13 வரை போகும். அப்புறம் பெரியவங்களுக்கு மறுபடி 1-லிருந்து எண்ணுவாங்க. 4 அங்குலம்னா 12 பார்லி மணி, அதோட 13 சேர்த்தா 25. அதனால பெரியவங்க சைஸோடு 25-ஐக் கூட்டி மூணால் வகுத்தா அச்சின் நீளம் அங்குலத்தில் வந்துடும். என் 8-க்கு: 8 + 25 = 33, அதை மூணால் வகுத்தா 11 அங்குலம், அதாவது 279.4 மி.மீ.

ஈயூ முறையில் ஒரு படி, செ.மீ.ல மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மி.மீ. அதனால அச்சு நீளத்தை செ.மீ.ல எடுத்து 1.5-ஆல் பெருக்கினா சைஸ் வரும். 27.94 × 1.5 = 41.9. அட்டவணை சொன்ன 42 இதுதான்.

அப்போ அட்டவணை சரிதானே? 8-ல் மட்டும் சரி. ரெண்டு முறையிலும் படி ஒரே உயரம் இல்லை. யூகேயில் நாலு படி ஏறினா ஈயூவில் கிட்டத்தட்ட அஞ்சு படி. யூகே 4-க்கு இதே கணக்கைப் போட்டா 36.8, யூகே 12-க்கு 47.0. அதாவது 4-ல் 33 கூட்டணும், 8-ல் 34, 12-ல் 35. முழு எண்ணா மாத்தும் இடத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். யூஎஸ் நம்பர் இன்னும் மோசம். ஆண்கள் சைஸ் யூகேயைவிட அரையோ ஒண்ணோ கூட வரும், பெண்களுக்கு வேற எண்ணிக்கை.

சந்தேகத்தில் என் பழைய ஸ்னீக்கரின் நாக்கைத் திருப்பிப் பார்த்தேன். யூகே 8, ஈயூ 42.5, சி.எம். 27. ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன், ஒரு தடவைகூடப் படிச்சதில்லை. அந்தக் கம்பெனி கணக்கில் நான் 42-வே கிடையாது!

அந்த லேபிளில் எனக்கு நிஜமாவே உதவியது கடைசி எண்தான். 27 என்பது ஷூவின் நீளம் இல்லை. 27 செ.மீ. நீளமுள்ள காலுக்கு இந்த ஷூ என்று அர்த்தம். ஜப்பான் இப்படித்தான் எண்ணுது. சீனாவும் கொரியாவும் இதையே 270-னு மி.மீ.ல போடுறாங்க. மாண்டோபாயின்ட் என்ற முறையும் இதே யோசனைதான், அதுக்கு ஐஎஸ்ஓ 9407-னு ஒரு தரநிலையே இருக்கு. 270/104-னு இருந்தா, 270 மி.மீ. நீளமும் 104 மி.மீ. அகலமும் உள்ள கால். விரலுக்கு எவ்வளவு இடம் விடணும்கிறது தயாரிக்கிறவங்க கவலை, நாம கழிக்கவோ கூட்டவோ வேண்டாம். பல நாட்டு ராணுவ பூட்ஸுக்கும் பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் இதைத்தான் பயன்படுத்துறாங்க. பனிச்சறுக்கு பூட்ஸின் ஓடும் என் ஸ்டீல் மூடி மாதிரி விட்டுக்கொடுக்காத சாமான்தானே.

அளக்கிறது சுலபம். ஏ4 பேப்பரின் நீளம் 297 மி.மீ. அதைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, சாக்ஸ் போட்டுக்கிட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்னேன். எடை ரெண்டு காலிலும் சமமா இருக்கணும். உட்கார்ந்து அளந்தா கால் கொஞ்சம் குட்டையாத்தான் காட்டும். சாயங்காலம் அளக்கிறது நல்லது, கால் லேசா வீங்கியிருக்கும். கட்டைவிரல் நுனியிலிருந்து பேப்பர் விளிம்பு வரை இடது காலில் 29 மி.மீ. மிச்சம், வலதில் 33. ஆக, 268, 264. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்கணும். என் 42-இன் அச்சு 280 மி.மீ. அதில் 268 போனா மிச்சம் 12. தடி சாக்ஸும் ஸ்டீலும் சேர்ந்ததும் அந்த இடம் போதல. 43-ன்னா அச்சு 286.7, மிச்சம் கிட்டத்தட்ட 19.

அகலத்துக்கு, கட்டைவிரல் அடிமூட்டும் சுண்டுவிரல் அடிமூட்டும் புடைக்கிற இடங்களில் ரெண்டு புத்தகத்தை நேரா நிறுத்தி நடுவில் அளந்தேன். 106. இதுதான் நாம யாரும் பார்க்காத எண். கால் அகலமா இருக்கிறவங்க இறுக்குதுன்னு ஒரு சைஸ் கூட வாங்குவோம். அப்போ முன்னாடி சரியாகும், பின்னாடி குதிகால் கழண்டு வரும். சென்னை சி.எல்.ஆர்.ஐ. 2021 டிசம்பரில் தொடங்கி நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் காலை 3டி ஸ்கேன் பண்ணினாங்க. நம்ம ஊர்க் கால்கள் பொதுவா ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று அதில் வந்தது. ஆனா கடை லேபிளில் அகலம் இருக்கிறது அபூர்வம். மாண்டோபாயின்ட் எண்ணைப் போடுறவங்ககூட நீளத்தோட நிறுத்திடுறாங்க. அதனால 270-னு பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கவும் முடியாது.

மறுநாள் அதே கடை. "268, அகலம் 106 அண்ணா" என்றேன். சிரிச்சார். அகலமான மாடலில் ஒரு 43 எடுத்து, உள்ளே இருந்த இன்சோலை உருவித் தரையில் போட்டு, "ஏறி நில்லுங்க" என்றார். விரலுக்கு முன்னாடி ஒரு விரல்கடை இடம் இருந்தது, பக்கவாட்டில் கால் வெளியே வழியல. "இது போதும். லேஸை மட்டும் இறுக்கிக் கட்டுங்க, குதிகால் ஆடாது."

மிச்சப் பதினோரு நாள் அந்த ஷூவில்தான் போச்சு. 42-ஐ ரிட்டர்ன் பண்ண முடியல, போட்டுத் தேய்ஞ்சிருச்சு. கறுத்த நகம் உதிர்ந்து புதுசு பாதிதான் வந்திருக்கு. போனில் நோட்ஸில் "இடது 268/106, வலது 264/105"-னு எழுதி வச்சிருக்கேன். இப்போ சைஸ் அட்டவணையைத் திறந்தா முதலில் கால் நீளம்னு ஒரு வரிசை இருக்கான்னு பார்க்கிறேன். இல்லைன்னா அந்த ஷூவை விட்டுடுறேன்.