நூலுக்குத் தெரிந்த தூரம்

ஏ.எல் புவியியல் படித்த யாருக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கும். இடவிளக்கப் படத்தில் A இலிருந்து B வரை பாதை வழியே உள்ள தூரத்தைக் காண்க. நூலை வைக்கிறது, வளைக்கிறது, நிமிர்த்துறது, அடிமட்டத்தில் பிடிக்கிறது, விடை எழுதுறது. இரண்டு புள்ளி. அதோடு நூல் கொம்பஸ் பெட்டிக்குள்ளயே கிடந்து தொலைந்துபோகும்.

நாங்கள் அதை மறுபடி கையில் எடுத்ததற்கு ஒரு கடிதம் காரணம். எங்களில் ஒருத்தியின் ஊர் மலையகத்தில் ஒரு தோட்டம். அங்கிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குக் காலையில் ஒரு பஸ் விடச் சொல்லித் தோட்டத்து ஆட்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். வந்த பதிலில் ஒரு வரி: தூரம் மூன்று கிலோமீற்றருக்கும் குறைவு என்பதால் அவசியம் இல்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் கோபம். ஆனால் "மூன்று இல்லை" என்று சொன்னால் போதாது, எத்தனை என்றும் சொல்லவேணும். கூகுளில் அந்தத் தோட்டப் பாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது. கம்பஸில் புவியியல் செய்கிற நாங்கள் மூன்று பேரும் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தின் ஒரு போட்டோக்கொப்பியை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம்.

போட்டோக்கொப்பி என்பதைக் கவனியுங்கள். முதல் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. படத்தின் அடியில் 1:50,000 என்று வகைக்குறிப் பின்னம் அச்சாகியிருக்கும். படத்தில் 1 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது அரைக் கிலோமீற்றர். ஆனால் அது மூலத்தாளுக்குத்தான் உண்மை. கொப்பி மெஷின் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால், கோடுகள் எல்லாம் சுருங்கும். 50,000 என்ற எழுத்து மட்டும் சுருங்காமல் அப்படியே நின்று பொய் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடிமட்டம் போதும். 1:50,000 படத்தின் சதுரக் கட்டங்கள் ஒவ்வொன்றும் நிலத்தில் 1 கிலோமீற்றர். மூலத்தாளில் ஒரு கட்டத்தின் பக்கம் 2 சென்ரிமீற்றர். ஒரு கட்டத்தை மட்டும் அளந்தால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது, அதனால் ஐந்து கட்டங்களைச் சேர்த்து அளக்கவேணும். 10 சென்ரிமீற்றர் வந்தால் தாள் சரி. எங்களுடைய கொப்பியில் 9.4 தான் வந்தது. கிழக்கு மேற்காக ஒருதரம், வடக்குத் தெற்காக ஒருதரம் அளந்தோம். இரண்டும் 9.4. இரண்டு திசையிலும் ஒரேயளவு சுருங்கியிருந்தால் வேலை செய்யலாம், வேறு வேறாக வந்தால் அந்தக் கொப்பியைத் தூக்கி வைத்துவிட்டு வேறு எடுக்கிறதுதான் புத்தி. ஆக, எங்கள் கையில் இருந்தது 1:50,000 இல்லை, கிட்டத்தட்ட 1:53,200.

படத்தின் கீழே வரைந்திருக்கிற நேர்கோட்டு அளவுத்திட்டத்தின் அருமை இப்போதுதான் விளங்கும். பாடசாலையில் அது ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பின்னம் இருக்க, கோடு எதுக்கு? கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும், சேர்ந்து விரியும். எந்தக் கொப்பியிலும் அது உண்மையே சொல்லும். அதனால் நூலை அடிமட்டத்தில் பிடித்துப் பெருக்குவதைவிட நேரே அந்தக் கோட்டில் பிடிப்பதே பாதுகாப்பு. பல கொப்பிகளில் ஓரம் வெட்டுப்பட்டு அந்தக் கோடே இருக்காது. எங்களுடையதிலும் இல்லை. அப்படியென்றால் கட்டங்களே அளவுத்திட்டம்.

இனி நூல். நைலோன் வேண்டாம், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கம்பளி நூலும் அப்படித்தான். முறுக்கான பருத்தித் தையல் நூல் நல்லது. தடித்த நூல் எடுத்தால் இன்னொரு தொல்லை: 1 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் இந்த அளவுத்திட்டத்தில் அது ஐம்பது மீற்றருக்கு மேல். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் இரண்டு கைகளும் படத்தில் அதைவிட நெருக்கமாக நிற்கக்கூடும்.

நூலின் ஒரு நுனிக்குக் கிட்ட பேனாவால் புள்ளி போட்டு, அதைத் தோட்டத்துச் சந்தியில் வைத்தோம். பிறகு பாதையின் நடுக்கோட்டில் நூலைப் படுக்க வைத்துக்கொண்டே போகவேணும். நடுக்கோடு என்பது முக்கியம். படத்தில் ரோட்டைக் காட்டுகிற கோடு உண்மை ரோட்டைவிடப் பல மடங்கு அகலம். அரை மில்லிமீற்றர் கோடு நிலத்தில் இருபத்தைந்து மீற்றர் ஆகிவிடும், தோட்டத்து ரோட்டு அதில் கால்வாசிகூட இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் களவு போகும்.

இரண்டு பேர் இருந்தால்தான் இது லேசு. ஒருவர் வளைவில் நகத்தால் நூலை அமத்திப் பிடிக்க, மற்றவர் அடுத்த வளைவு வரைக்கும் நூலைக் கிடத்துகிறார். இழுக்கக்கூடாது. இழுத்தால் நூல் வளைவை வெட்டிக்கொண்டு நேராகப் பாயும். பள்ளிக்கூடத்தை அடைந்ததும் இரண்டாவது புள்ளி. பிறகு நூலைத் தூக்கி, தளராமல், ஆனால் இழுபடாமல் நிமிர்த்திப் புள்ளிக்குப் புள்ளி அளக்கவேணும்.

ஒருதரம் அளந்தால் அது அளவு இல்லை. மூன்று தரம் அளந்தோம், அதில் ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து தோட்டத்துக்குத் தலைகீழாக. 12.0, 12.2, 12.1. சராசரி 12.1 சென்ரிமீற்றர். 9.4 சென்ரிமீற்றர் 5 கிலோமீற்றர் என்றால், 12.1 ஐ 9.4 ஆல் பிரித்து 5 ஆல் பெருக்கவேணும். கல்குலேட்டர் 6.436 என்று காட்டியது. அந்தக் கடைசி இரண்டு இலக்கத்தையும் நம்பக்கூடாது. எங்கள் மூன்று அளவுகளுக்குள்ளேயே 2 மில்லிமீற்றர் வித்தியாசம், அதாவது நூறு மீற்றர் சொச்சம். ஆக 6.4 கிலோமீற்றர். அச்சிலுள்ள பின்னத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் 6.05 வந்திருக்கும். கிட்டத்தட்ட நானூறு மீற்றர் கொப்பி மெஷினுக்குள் போயிருக்கும்.

பிறகு அடிமட்டத்தை இரண்டு இடத்துக்கும் நடுவில் நேராக வைத்துப் பார்த்தோம். 5.3 சென்ரிமீற்றர், அதாவது 2.8 கிலோமீற்றர். "மூன்றுக்கும் குறைவு" எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது. அது பொய்க் கணக்கு இல்லை. காகத்தின் கணக்கு. பள்ளத்தாக்குக்கு மேலால் பறக்கிற எதுவும் 2.8 இல் போய்ச் சேரும். நடக்கிற பிள்ளைக்கும் ஓடுகிற பஸ்ஸுக்கும் அது பொருந்தாது.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: படம் தட்டை, மலை தட்டை இல்லையே, ஏற்றத்தால் தூரம் கூடாதா? கூடும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. இந்தப் படங்களில் சமவுயர இடைவெளி 20 மீற்றர். தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் 14 கோடுகள், அதாவது 280 மீற்றர் இறக்கம். பைதகரசின் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: 6.4 கிலோமீற்றர் பாதையில் அந்த இறக்கம் கூட்டுவது வெறும் ஆறு மீற்றர். மலை தூரத்தில் தெரிவதில்லை, நேரத்தில்தான் தெரிகிறது. பிள்ளைகள் ரோட்டால் போவதில்லை, தேயிலைக்குள்ளால் இறங்குகிற குறுக்குப் பாதையால்தான் போகிறார்கள். அதை நூலால் அளந்தபோது 3.6 கிலோமீற்றர். நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892 இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்து கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம். அதன்படி பின்னேரம் வீடு திரும்ப நடைக்கு 43 நிமிடம், ஏற்றத்துக்கு 28 நிமிடம். அதுவும் திடமான பெரிய ஆளுக்கு. புத்தகப் பையோடு ஏறுகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை, மழை நாளுக்கும் இல்லை.

நூல் தவறவிடுவது ஏற்றத்தை இல்லை, சின்னச் சின்ன வளைவுகளை. 1:50,000 இல் எல்லா நெளிவையும் வரைய இடம் கிடையாது. வரைபவர் சிலதை நேராக்கிவிடுவார். படம் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குத் தூரம் குறையும். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் நடுவிலுள்ள எல்லையின் நீளம் ஓரிடத்தில் 987 கிலோமீற்றர் என்றும் இன்னோரிடத்தில் 1,214 என்றும் பதிவாகியிருப்பதை லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கவனித்து எழுதினார். எல்லை ஒன்றுதான், அளந்த விதம்தான் வேறு.

எங்கள் ரோட்டுக்கும் அதுதான் நடந்தது. தோட்டத்துக்கு ஓட்டோ ஓட்டுகிற அண்ணனிடம் மீற்றரைப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். "நூல்ல ஆறு நாலா வந்துச்சு? நம்ம மீட்டர்ல ஆறு ஏழு காட்டுது தங்கச்சி" என்றார். வாகன மீற்றர்களும் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடியவை. ஆனாலும் உண்மைத் தூரம் 6.4 ஐவிடக் குறைய வழியில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. கவனமாக வைத்த நூல் சொல்வது எப்போதும் குறைந்தபட்சத் தூரம்.

மனுவை மறுபடி எழுதினபோது 6.7 ஐப் போடத்தான் தோட்டத்து ஆட்களுக்கு ஆசை. 6.4 ஐப் போடச் சொன்னோம், "குறைந்தது" என்ற சொல்லோடு. எந்த அதிகாரியும் அதே படத்தை எடுத்து ஒரு நூலை வைத்தால் அந்த எண்தான் வரும். கூடவே நேர்கோட்டுத் தூரம், குறுக்குப் பாதை, இறக்கம் என்று நான்கு வரியில் ஒரு அட்டவணையும் படத்தாளின் இலக்கமும் வைத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு "இத்தனை கிலோமீற்றர்தானே" இருக்கும். அளக்க உட்காரும்போது தாளின் ஓரத்தைப் பாருங்கள். பழைய ஒரு அங்குலம் ஒரு மைல் தாள்கள் சில நூலகங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பின்னம் 1:63,360. அங்கே ஒரு கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றர் இல்லை, 1.58 தான். தாள் எது என்று தெரிந்த பிறகு கட்டங்களை அளவுங்கள், அதற்குப் பிறகு நூலை எடுங்கள்.