‘அனுப்புங்கள்’ என்பதில் உள்ள ‘ங்கள்’ எங்கே போகிறது?

எங்கள் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த தங்கை ஒருத்தி, இப்போது வேறு மாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவளுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அக்டோபர் மாதம் பேராசிரியர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினாள். அதன் முக்கிய வரி இது: “சென்ட் மீ த ரெகமண்டேஷன் லெட்டர் பிஃபோர் ஜனவரி டென்.” ஒரு பேராசிரியரிடம் இப்படித்தான் கேட்பதா என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கடிதம் வரவில்லை.

அவள் எங்களுக்கு போன் செய்து அழுதாள். “அக்கா, மரியாதையாத்தானே எழுதினேன்?”

அவள் சொன்னது உண்மை. மனதுக்குள் அவள் தமிழில் சொன்ன வாக்கியம் ‘ஜனவரி பத்துக்குள்ள லெட்டர் அனுப்புங்க சார்’ என்பது. அதில் மரியாதை இருக்கிறது. ஆனால் அந்த மரியாதை முழுவதும் ‘ங்க’ என்ற விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அனுப்பு’வுக்கும் ‘அனுப்புங்கள்’ளுக்கும் ஒரே சொல்தான், சென்ட். நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘யூ’ ஒன்றுதான். மொழிபெயர்க்கும்போது விகுதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது வெறும் கட்டளை.

‘ங்க’ என்ற இரண்டு எழுத்தின் கனம் நமக்குத் தெரியாததல்ல. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருவின் பத்து வயதுப் பையன் ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மரியாதை இலக்கணத்தில் எங்கே இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வேண்டுகோள் வைக்கும்போது, ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை மூன்று துணைவினைகள்: குட், வுட், மைட். (இங்கே குட் என்பது ‘நல்லது’ அல்ல, ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம்.) மூன்றுமே பார்வைக்கு இறந்தகாலம். நாளை நடக்க வேண்டிய வேலையைக் கேட்க எதற்கு இறந்தகாலம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம். பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போகும் அம்மா, ‘ஐநூறு ரூபா கேக்கலாம்னு வந்தேன்’ என்பார். ‘கேட்கிறேன்’ என்பதைவிட ‘கேட்கலாம்னு வந்தேன்’ ஓர் அடி தள்ளி நிற்கிறது. எதிரே இருப்பவர் இல்லை என்று சொல்லவும் இடம் விடுகிறது. குட், வுட் செய்வதும் இதுவே.

இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. ‘குட் யூ’ என்று கேட்டால், உங்களுக்கு முடியுமா, நேரமும் வசதியும் இருக்கிறதா என்று கேட்கிறோம். ‘வுட் யூ’ என்று கேட்டால், செய்ய மனமிருக்கிறதா என்று கேட்கிறோம். நடைமுறையில் இரண்டும் மாறி மாறி வரும். ஆனால் முன்பின் அதிகம் பழகாதவரிடம் ‘குட் யூ’ வசதியானது. மறுக்க நினைப்பவர் ‘நேரம் இல்லை’ என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். ‘விருப்பமில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் சங்கடம் அவருக்கு இருக்காது.

தங்கையின் கதைக்கு வருவோம். முதல் அடி வாங்கியதும் விடுதித் தோழி ஒருத்தி, “ரொம்பப் பணிவா எழுதணும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நவம்பரில் வேறொரு பேராசிரியருக்கு இப்படி எழுதினாள்: “ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் யூ மைட் பாசிப்ளி ஹெல்ப் வித் எ லெட்டர், வெனெவர் யூ ஆர் ஃப்ரீ.” உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது, ஒரு கடிதம் விஷயமாக ஒருவேளை உதவ முடியுமோ என்று சும்மா யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். பேராசிரியர் நல்லவர். ‘ஷ்யூர்’ என்று அன்றே பதில் போட்டார். ஒரு மாதம் ஓடிவிட்டது. டிசம்பர் பத்தாம் தேதிவரை எதுவும் வரவில்லை.

அவர் ஏமாற்றவில்லை. எந்தக் கடிதம், எங்கே அனுப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அந்த வரியில் ஒன்றுமே இல்லை. ‘ஓய்வு கிடைக்கும்போது’ என்று எழுதிவிட்டாள். ஓய்வு கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

முதல் மின்னஞ்சலில் விவரம் இருந்தது, மரியாதை இல்லை. இரண்டாவதில் மரியாதை இருந்தது, விவரம் கரைந்துபோனது. அவள் எல்லாச் சொல்லையும் மென்மையாக்கிவிட்டாள். மென்மை இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: மற்றவர் செய்ய வேண்டிய வினை. பொருள், தேதி, காரணம் மூன்றும் கெட்டியாகவே இருக்க வேண்டும்.

அன்றிரவு போனில் உட்கார்ந்து மூன்றாவதை எழுதினோம். முதலில் தமிழில், பூச்சில்லாமல், என்ன வேண்டும் என்று சொல்லச் சொன்னோம். ‘இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இணையதளம் ஜனவரி 15-ல் மூடுகிறது. 10-க்குள் ஏற்ற வேண்டும். அவரால் முடியாது என்றால் டிசம்பர் 20-க்குள் தெரிய வேண்டும்.’ நான்கு செய்தி. பிறகு அவர் செய்ய வேண்டிய வினைக்கு முன்னால் மட்டும் ஒவ்வொரு மென்சொல் வைத்தோம்.

“குட் யூ ரைட் எ ரெகமண்டேஷன் லெட்டர் ஃபார் மை அப்ளிகேஷன்?” எனக்காகக் கடிதம் எழுத இயலுமா என்பது முதல் வரி. “த போர்ட்டல் குளோசஸ் ஆன் ஜனவரி ஃபிஃப்டீன்.” இது தகவல். இதில் மென்சொல் கிடையாது. “வுட் இட் பி பாசிபிள் டு அப்லோட் இட் பை ஜனவரி டென்?” பத்தாம் தேதிக்குள் ஏற்ற வாய்ப்பு உண்டா என்பது மூன்றாவது. கடைசியாக, “இஃப் நாட், குட் யூ லெட் மீ நோ பை டிசம்பர் ட்வென்டி?” முடியாதென்றால் இருபதாம் தேதிக்குள் சொல்ல இயலுமா?

இந்தக் கடைசி வரியைச் சேர்க்க அவள் தயங்கினாள். அவரை நெருக்குவது போல இருக்காதா என்றாள். நேர்மாறாக, அவருக்கு மறுக்க ஒரு கௌரவமான வழியும், அவளுக்கு வேறொருவரைக் கேட்க 26 நாள் அவகாசமும் அந்த வரியில்தான் இருக்கின்றன. அனுப்பும் முன் ஒரு சோதனை செய்தோம். குட், வுட் வரும் இடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தோம். யார், எதை, எப்போதுக்குள் என்பது அப்படியே தெரிந்தது. இரண்டாவது மின்னஞ்சலை அப்படி மறைத்துப் படித்தால் மிச்சம் இருப்பது ‘ஒரு கடிதம்’ மட்டுமே. கடிதம் ஜனவரி எட்டாம் தேதி ஏறிவிட்டது.

மைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சந்தேகத்தின் சொல், ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பது. உண்மையிலேயே சந்தேகம் இருக்கும் இடத்தில் பயன்படுத்தலாம். நம் தேவைக்கு முன்னால் வைத்தால் தேவையே சந்தேகமாகிவிடும். “ஐ மைட் நீட் த சர்ட்டிஃபிகேட்” என்று எழுதினால், ‘தேவைப்பட்டாலும் படும்’ என்று படிப்பவர் நினைப்பார், கோப்பு அடியில் போகும். “ஐ நீட் த சர்ட்டிஃபிகேட் பை ஃப்ரைடே. குட் யூ இஷ்யூ இட் பிஃபோர் தென்?” என்பதில் பணிவும் இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் இருக்கிறது.

மேலே இருப்பவர்கள் மைட் சொன்னால் அதற்கு வேறு பொருள். வழிகாட்டிப் பேராசிரியர் “யூ மைட் வான்ட் டு ரீரைட் சாப்டர் டூ” என்று குறிப்பெழுதினால், விருப்பமிருந்தால் திருத்து என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள், திருத்திக்கொண்டு வா. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளுக்கு இது கேட்டுக் கேட்டே பழகியிருக்கும். முதல் தலைமுறையாக உள்ளே போகும் நமக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இன்னொன்று. இந்தச் சொற்களை வைக்கக்கூடாத இடமும் உண்டு. ‘குட் யூ’ என்பது ஒரு கேள்வி. கேள்விக்கு ‘முடியாது’ என்றும் பதில் வரலாம். எதிரே இருப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் இருந்தால்தான் அந்தக் கேள்வி பொருந்தும். பரிந்துரைக் கடிதம் தருவது பேராசிரியரின் விருப்பம். எஃப்.ஐ.ஆர். பதிவது காவல் அதிகாரியின் விருப்பம் அல்ல. 1989-ஆம் ஆண்டின் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, எஃப்.ஐ.ஆர். பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. புகாரைப் பதிவதும், தகவல் தந்தவருக்கு நகல் தருவதும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு பட்டியலிடும் கடமைகள்.

வெளிமாநிலத்தில் ஆங்கிலத்தில் புகார் எழுத நேர்ந்தால், அங்கே “குட் யூ ரெஜிஸ்டர்” வேண்டாம். “ப்ளீஸ் ரெஜிஸ்டர் ஆன் எஃப்.ஐ.ஆர். அண்ட் கிவ் மீ எ காப்பி” போதும். ப்ளீஸ் இருக்கிறது, மரியாதை குறையவில்லை. ஆனால் இது கேள்வி அல்ல. ‘ஐ ஹம்ப்ளி பெக்’ என்று கெஞ்சும் பழைய மனு நடையும் அங்கே தேவையில்லை.

அதைவிட முக்கியம், நடந்ததைச் சொல்லும் வரிகளில் மைட் நுழையக்கூடாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதைத் தன் காதால் கேட்ட ஒரு தம்பி, நாகரிகமாக இருக்கட்டும் என்று “ஹி மைட் ஹாவ் யூஸ்ட் மை காஸ்ட் நேம்” என்று எழுதிக் கொண்டுவந்தான். ‘சொல்லியிருக்கலாம்’ என்று ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு சொல் போதும். அடித்துவிட்டு, ‘சொன்னார்’ என்று எழுத வைத்தோம். எந்தச் சொல்லைச் சொன்னார், யார் முன்னிலையில், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தோம்.

அந்தத் தங்கை இப்போது தன் விடுதியில் ஜூனியர்களின் மின்னஞ்சல்களைத் திருத்திக் கொடுக்கிறாளாம். குட், வுட் மீது கையை வைத்து மறைத்துக்கொண்டு, “இப்பப் படி, என்ன வேணும்னு தெரியுதா?” என்று கேட்பாளாம்.