குரூப் போட்டோவில் ஐந்தாவது ஆள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் முகத்தைத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? டீக்கடையில் படம், வீட்டுக்குள் சாமி படங்களோடு படம், லோயர் கேம்பில் சிலையே இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்தது அவருடைய முகம் அல்ல, அந்த ஒரு படம். மீசை முளைக்காத இருபது வயதில், வேறு பக்கம் திரும்பி, பத்து வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு நடுவில் அவர் நிற்கும் படத்தை நீட்டினால் எத்தனை பேர் சரியாக விரல் வைப்போம்? எனக்கு நம்பிக்கை இல்லை.

இதே கண்கள், கம்பம் பஸ் ஸ்டாண்டில் நூறு பேருக்கு நடுவே முப்பது வருஷம் பார்க்காத ஆபீஸ் சிநேகிதரை, தலை வழுக்கையாகிப் பல் எல்லாம் போன பிறகும், "அட, நீங்களா!" என்று கண்டுபிடித்துவிடுகின்றன. முகம் பார்ப்பதில் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வது இதனால்தான். உண்மையில் தெரிந்த முகங்களில் மட்டும்தான் கெட்டிக்காரர்கள்.

பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2011இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நாற்பது புகைப்படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கொடுத்து, "ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குவியலாகப் பிரியுங்கள்" என்றார்கள். அதில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள், ஆளுக்கு இருபது படம். இருவரும் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள், பிரிட்டனில் யாருக்கும் தெரியாதவர்கள். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ஏழெட்டுக் குவியல் வைத்தார்கள். ஒருவர்கூட இரண்டு என்று முடிக்கவில்லை. நெதர்லாந்துக்காரர்களோ பெரும்பாலும் இரண்டே குவியல் வைத்து எழுந்துவிட்டார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது தவறு நடந்த விதம். இரண்டு பெண்களையும் ஒருவராகக் குழப்பியவர்கள் குறைவு. ஒரே பெண்ணை நாலைந்து பேராகப் பிரித்துவிட்டதுதான் அதிகம். தெரியாத முகத்தில் நாம் பிடித்துக்கொள்வது முடி, மீசை, கண்ணாடி, முகத்தின் வெளிக்கோடு. இவை மாறினால் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றும். பழகிய முகத்தில் கண்ணும் மூக்கும் வாயும் சேர்ந்த உள்பகுதி மனதில் பதிந்திருக்கிறது. சிரித்தபோது, கோபித்தபோது, வெயிலில், விளக்கில் என்று ஆயிரம் விதமாகப் பார்த்துப் பார்த்து வந்த பதிவு அது. ஒரு படத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது வராது.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் ஒரு குரூப் போட்டோ. சின்னமனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், கொண்டுவந்தார். இரண்டு வயதில் அப்பாவை இழந்தவர். வீட்டில் இருந்தது அப்பாவின் அடையாள அட்டையிலிருந்து பிரித்த, தபால்தலை அளவுப் படம் ஒன்று மட்டும். இப்போது அப்பா வேலை பார்த்த ஆபீசின் 1974ஆம் வருஷத்துப் பிரிவு உபசார விழாப் படம் கிடைத்திருக்கிறது. ஏழு பேர் நாற்காலியில், ஒன்பது பேர் நின்றபடி, மூன்று பேர் தரையில். கீழே பெயர் எழுதிய அட்டையைக் கரையான் தின்றுவிட்டது.

"இதுல எங்கப்பா யாருன்னு சொல்லுங்கய்யா. பெருசாக்கி மாட்டணும்" என்றார்.

உறவினர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்: நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாவது. சின்னப் படத்தில் இருக்கும் அதே தடித்த ஃபிரேம் கண்ணாடி, அதே மீசை, அதே பக்க வகிடு. பார்த்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அந்த எல்லாரிலும் அவரை உயிரோடு பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. நானும் 1981இல்தான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தேன். எனக்கு அந்தப் பத்தொன்பது பேரும் அந்நியர்கள்.

அந்தக் காலத்தில் கண்ணாடியும் மீசையும் பக்க வகிடும் பாதி ஆபீசுக்கு உண்டு என்பதை விடுங்கள். ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் படத்தை முகத்துக்குக் கிட்டே கேமராவை வைத்து எடுப்பார். கிட்டே எடுத்தால் மூக்கு எடுப்பாகும், காது பின்வாங்கும், முகம் ஒடுங்கும். குரூப் படத்துக்கு இருபதடி தள்ளிப் போவார். அதே முகம் அகலமாகிவிடும். போதாததற்கு நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கத்தையும் தழும்பையும் அழித்துத் தருவார்கள்.

அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் மிச்சம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவர் கம்பத்தில் இருக்கும் பழைய ஜீப் டிரைவர், இன்னொருவர் போடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர். இருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன். "இவர்தானே அவர்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் மரியாதைக்காவது தலையாட்டிவிடுவார்கள். சின்னப் படத்தையும் காட்டவில்லை. "இதுல யாரையெல்லாம் தெரியுதுண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

டிரைவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது ஆளுக்கு வேறொரு பெயர் சொன்னார். ஐந்தாவது ஆளிடம் விரல் நின்றது. அவருக்குக் கண்ணாடியே இல்லை.

"இவரா... கூடலூர்ல இருந்து சைக்கிள்ல வருவாரு. டெஸ்பாட்ச் பார்த்தாரு. கழுத்தை இப்படிச் சாய்ச்சுத்தான் நிப்பாரு. பேரு... நாக்குல நிக்குது."

பெயர் வர இன்னொரு டீ குடிக்க வேண்டியிருந்தது. அது வழக்கம்தான். முகம் முதலில் வரும், ஊரும் வேலையும் அடுத்து வரும், பெயர் கடைசியில்தான் வரும். நடுவில் நாம் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துப் போடிக்காரரும் ஐந்தாவது ஆளுக்கு அதே பெயரைச் சொன்னார், கேட்டவுடனே. மூன்றாவது ஆளுக்கு டிரைவர் சொன்ன பெயரும் ஒத்துப்போனது.

பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். நான் பிரெஞ்சில் படித்தவன். அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் என்ற பெயர் அந்தப் படிப்பிலிருந்து நினைவில் இருக்கிறது. என்னைப் போல ஒரு குமாஸ்தா. 1879இல் பாரிஸ் போலீசில் சேர்ந்து, கைதிகளின் அங்க அடையாளங்களை அட்டையில் நகலெடுத்தவர். "நடுத்தர உயரம், சாதாரண முகம்" என்று எழுதி என்ன பயன் என்று அலுத்துப்போனவர். முகத்தை மொத்தமாக நம்பாமல் தலை, விரல், பாதம் என்று அளந்தார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுக்க வைத்தார். காதை முக்கியமாகக் கவனிக்கச் சொன்னார். அந்நியன் செய்யக்கூடியது அவ்வளவுதான்: பாகம் பாகமாக ஒப்பிடுவது.

சின்னப் படத்தில் ஒரு காது தெரிந்தது. மடல் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மூன்றாவது ஆளுக்கு மடல் நன்றாகத் தொங்கியது. ஐந்தாவது ஆளுக்கு ஒட்டியிருந்தது. ஒட்டிய காது ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு, அதனால் ஐந்தாவது ஆள்தான் என்று காது நிரூபிக்காது. மூன்றாவது ஆள் இல்லை என்று சொல்ல அது போதும். ஐந்தாவது என்று சொன்னது இரண்டு கிழவர்களின் பழக்கம்.

அந்த அம்மாவுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஒரு மாதமாக மூன்றாவது ஆளைப் பார்த்து அழுதிருக்கிறார். "கண்ணாடி போட்டவருதான் எங்கப்பா மாதிரி இருக்காரு" என்று இரண்டு தரம் சொன்னார். கம்பத்துக்கு அழைத்துப் போனேன். டிரைவர் எழுந்து நின்று கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். படிக்க மட்டும்தான் அப்பா கண்ணாடி போடுவார் என்றும், அட்டைக்குப் படம் எடுத்த அன்று கழற்ற மறந்துவிட்டார் என்று ஆபீசில் கேலி செய்தார்கள் என்றும் சொன்னார். அந்த அம்மா கூடவே வந்திருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். அவனும் கழுத்தைச் சாய்த்துத்தான் நின்றுகொண்டிருந்தான்.

படத்தின் பின்னால் வெறும் வரிசை எண்ணும் பெயரும் எழுதினால் போதாது. "நிற்பவர்கள், பார்ப்பவரின் இடமிருந்து 5" என்று எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில், அவர் நேரில் பழகியவரா என்பதையும் மென்மையான பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். இங்க் பேனா படத்துக்குள் ஊறும். ஒருவர் மட்டும் சொன்ன பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. பத்தொன்பதில் பதினான்கு பெயர் உறுதி, இரண்டுக்குக் கேள்விக்குறி. தரையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பையன்களுக்கு இன்னும் பெயர் இல்லை.

உத்தமபாளையம் பக்கம் அந்த ஆபீசில் அந்த வருஷங்களில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், வந்து படத்தைப் பாருங்கள். பார்க்கும் முன் என்னிடம் ஒரு பெயரும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.