பந்து தராமல் ஏன் நிறுத்தப் பழக்குகிறோம்?



வலயமட்டப் போட்டி நெருங்குகிறது. சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்க்க வரும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சேர், முதல் இருபது நிமிசமும் பந்தே இல்லையே. பிள்ளைகள் ஓடுவதும் நிற்பதுமாகவே இருக்கிறார்களே?" நியாயமான கேள்விதான். கேற்றடியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டு வலைப்பந்தாட்டம் என்றதும் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயர் எல்லோருக்கும் நினைவு வரும். இரண்டு மீற்றருக்கு மேல் உயரம். மற்றவர்களின் கை எட்டாத இடத்தில் அவர் பந்தைப் பிடிப்பார். நம் பிள்ளைகளுக்கு அந்த உயரம் கிடையாது. எதிரணிப் பிள்ளை ஒட்டிக்கொண்டே வரும்போது, வலப்பக்கம் ஓடுவதுபோல் காட்டி, சட்டென்று இடப்பக்கம் வெட்டித்தான் பந்தை வாங்க வேண்டும். அந்த ஒரு வெட்டில்தான் ஆட்டமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலை உடம்புக்கு வெளியே, வலப்பக்கமாக ஊன்ற வேண்டும். அந்தக் கால் முதலில் ஓட்டத்தை நிறுத்தும், பிறகு உடம்பை இடப்பக்கம் தள்ளும். நிறுத்தும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கும். தொடையின் முன்தசையும் பிட்டத்தின் பெரிய தசையும் கெண்டைக்கால் தசையும் இழுபட்டுக்கொண்டே எதிர்த்து நிற்கும். பாரமான மூட்டையைக் கயிற்றில் மெல்ல மெல்லக் கீழே விடும்போது கைகள் செய்கிற வேலை அது. தள்ளும்போது அதே தசைகள் சுருங்கிக் காலை நீட்டும்.

இதோடு இடுப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் தசைக்கு இரட்டை வேலை. உடம்பைப் பக்கவாட்டில் தள்ளுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முழங்கால் உள்ளே மடிந்து விழாமல் தொடையைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். கீழே, கணுக்காலின் வெளிப்புற எலும்புக்குப் பின்னால் இறங்கும் தசைகள் பாதம் வெளிப்பக்கமாகப் புரண்டு போகாமல் காக்கின்றன. இவற்றில் ஒன்று பிந்தினால் சுமை முழங்கால் நாருக்கோ கணுக்கால் நாருக்கோ போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. 45 கிலோ எடையுள்ள பிள்ளை செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் ஓடி வருகிறாள். செங்கோணமாகத் திரும்ப வேண்டும். முதலில் வந்த திசையின் வேகம் முழுவதும் நிற்க வேண்டும். ஊன்றிய கால் தரையில் இருப்பது ஏறத்தாழ கால் செக்கன். அந்த ஒரே ஊன்றலில் நிறுத்தப் பார்த்தால், அந்த நேரம் முழுவதும் சராசரியாக 73 கிலோ பாரத்துக்குச் சமமான கிடை விசை வேண்டும். புதிய திசையில் தள்ளுவதற்கான விசை இதில் சேரவில்லை. அவளைத் தரையில் அழுத்துவதோ சராசரியாக அவளுடைய 45 கிலோ எடைதான். நல்ல காய்ந்த தரையிலும் சப்பாத்தின் பிடி அழுத்தும் பாரத்தை விட அதிகம் கூடாது. ஆகவே வழுக்கும். வழுக்காமல் சப்பாத்து எங்காவது மாட்டிக்கொண்டால், பாதம் நிற்க, மேலே உடம்பு திரும்பும். நடுவில் இருப்பது முழங்கால்.

அதே பிள்ளை அதற்கு முந்திய இரண்டு அடிகளிலேயே வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால், கடைசி ஊன்றலுக்கு நிறுத்த மிஞ்சுவது 37 கிலோ அளவுதான். பலாங்கொடை வீதியில் ஓடும் எந்தச் சாரதிக்கும் இது தெரியும். வளைவுக்கு முன்னே பிரேக் பிடிக்கிறவர் வீடு போய்ச் சேருவார். வளைவுக்குள் நுழைந்த பிறகு மிதிக்கிறவரை மதில் நிறுத்தும். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், பாசி பிடித்த சீமெந்துத் தரையில், இன்னும் ஓரடி முந்தியே பிரேக் வேண்டும். சிறிய கோணத் திருப்பத்துக்கு வேகத்தை அவ்வளவு குறைக்கத் தேவையில்லை. கோணம் கூடக்கூடத்தான் பிரேக்கும் கூட வேண்டும்.

"கால் பிசகும்போது பிள்ளை சுதாரித்துக்கொள்வாள்தானே?" என்று ஒரு தகப்பன் கேட்டார். முடியாது. பெண்கள் ஹேண்ட்போல், கூடைப்பந்து ஆடும்போது ஏசிஎல் என்ற முழங்கால் நார் அறுந்த 10 சம்பவங்களின் வீடியோக்களை நோர்வே ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கால் தரையில் பட்டு சுமார் 40 மில்லிசெக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனின் 25இல் ஒரு பங்குக்குள், நார் அறுந்திருக்கலாம் என்று கண்டார்கள். நரம்பு செய்தி கொண்டுபோய்த் தசை போதிய பலத்தோடு இழுக்க அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே கால் தரையில் படும் முன்பே தசை இறுகித் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது, பழகிப் பழகி உடம்பில் ஊறவேண்டியது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நம் அணியில் விங் அட்டாக் ஆடிய தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, யாருமே தொடாமல், திரும்பும்போது விழுந்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டதாகச் சொன்னாள். ஒரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்துபோல வீங்கியது. "சுளுக்குத்தானே சேர், எண்ணெ போட்டு உருவினா சரியாப் போயிடும்" என்றார் அவளுடைய அம்மா. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால் எல்லோரும் நிம்மதியானார்கள். எக்ஸ்ரேயில் நார் தெரியாது. நேராக நடந்தாள், வலி போய்விட்டது. ஆனால் மலைப்பாதையில் திரும்பி இறங்கும்போதெல்லாம் முழங்கால் நழுவியது. எம்ஆர்ஐ எடுத்து ஏசிஎல் அறுந்தது தெரியவர மாதங்கள் ஆயின. அவள் திரும்ப ஆடவில்லை.

சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு திரும்பும்போது நழுவல். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உருவ வேண்டாம், எலும்பு மூட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பதின்ம வயதுக்குப் பிறகு இந்தக் காயம் ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம்.

இப்போது அந்த இருபது நிமிடம். முதலில் பக்கவாட்டில் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, ரப்பர் பட்டி போட்டுப் பக்கமாக நடப்பது, முழங்காலை மடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது. இவை தசைக்கு. அடுத்து, ஓடி வந்து மூன்று அடியில் நிற்பது. அது சத்தமில்லாமல் வந்த பிறகு சிறு கோணத் திருப்பம், பிறகு செங்கோணம். கடைசியில்தான் நான் கை காட்டும் பக்கம் திரும்புவது. திசை முன்கூட்டித் தெரியாதபோது முழங்காலில் சுமை கூடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம்.

வீட்டில் நீங்களும் பார்க்கலாம். பிள்ளை திரும்புவதை முன்னால் நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். ஊன்றிய காலின் முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா? கால் விறைப்பாக நீட்டியபடி படுகிறதா? உடம்பு, போக வேண்டிய பக்கம் சாயாமல் ஊன்றிய காலின் மேல் சாய்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமையும் பந்துக்கு முன் நிறுத்தல்தான்.