ஒரு ஸ்லைட்டில் நான் விட்ட பிழை

பத்தாம் வகுப்புக்குப் பயிர்ச் சுழற்சி படிப்பிக்க நான் செய்து வைத்திருந்த ஸ்லைட் ஒன்று இருக்கிறது. நெல், அதிலிருந்து ஒரு அம்புக்குறி, பயறு, அதிலிருந்து இன்னொரு அம்புக்குறி, திரும்பவும் நெல். பயற்றின் வேருக்குக் கீழே பச்சை எழுத்தில் "மண்ணுக்கு நைதரசன் சேர்கிறது" என்று எழுதியிருந்தேன். பார்க்க வடிவான ஸ்லைட்தான்.

பிள்ளைகள் ஸ்லைட்டுகளைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது வழமை. போன பெரும்போகத்தில் ஒரு நாள் பாடம் முடிய மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "சேர், வாப்பா உங்கட ஸ்லைட்டப் பார்த்துத்தான் யூரியாவப் பாதியாக் குறைச்சாரு. இப்ப வேளாண்மை மஞ்சளாப் பெய்த்து."

அன்று பின்னேரமே அவரது வயலுக்குப் போனேன். கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, நுனி இலை மட்டும் பச்சையாக நின்றது. நைதரசன் போதாத பயிர் இப்படித்தான் காட்டும். பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த காலத்தில் நம் வட்டைகளில் கண்ட அதே மஞ்சள்.

"காக்கா, பயற்ற எப்படி அறுவடை செஞ்ச?" என்று கேட்டேன். சிறுபோகத்துக்குத் தண்ணீர் வராத ஒரு ஏக்கரில் போட்டிருக்கிறார். காய் முற்றியதும் செடியை வேரோடு பிடுங்கி, வரம்பில் போட்டு அடித்து, கொடியை மாட்டுக்குக் கொடுத்துவிட்டார். நம் பக்கம் பலரும் செய்வதுதான். என் ஸ்லைட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பயறு காற்றில் உள்ள நைதரசனைப் பிடிப்பது உண்மை. வேரில் உள்ள சிறு முடிச்சுகளுக்குள் றைசோபியம் என்ற பற்றீரியா இருந்து அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பிடித்த நைதரசன் நேரே மண்ணுக்குப் போவதில்லை. செடிக்குப் போகிறது, கடைசியில் பெரும்பகுதி விதைக்குள் போய் இருந்துகொள்கிறது.

வரம்பில் இருந்தே கணக்குப் போட்டோம். அவருக்குக் கிடைத்தது 300 கிலோ பயறு. பயற்றில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு புரதம், புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைதரசன். அப்படியென்றால் விதையோடு மட்டும் வயலை விட்டுப் போனது 12 கிலோ அளவு. கொடியோடும் இலையோடும் இன்னும் ஏழு கிலோ என்று வைப்போம். மொத்தம் 19. இதில் காற்றிலிருந்து வந்தது அறுபது வீதம் என்று எடுத்தாலும் 11 கிலோதான். மிச்சம் 8 கிலோவைச் செடி மண்ணிலிருந்து எடுத்திருக்கிறது. யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆகவே அந்த 8 கிலோ ஏறத்தாழ 17 கிலோ யூரியா. அவர் மண்ணுக்குக் கொடுக்கவில்லை, மண்ணிடம் கடன் வாங்கியிருக்கிறார். அதற்கு மேல்தான் யூரியாவையும் பாதியாக்கியிருக்கிறார்.

காயை மட்டும் ஆய்ந்துவிட்டுக் கொடியை வயலிலேயே விட்டிருந்தால் போனது 12, வந்தது 11. ஏறக்குறையச் சமம். அப்போதும் யூரியாவைப் பாதியாக்க இடமில்லை. பயறு விற்ற காசு கைக்கு வந்ததும், நெல்லுக்குப் பின் நெல்லாகப் பெருகும் பூச்சியும் களையும் தடைப்பட்டதும்தான் அதில் கண்ட லாபம். மண்ணுக்கே நைதரசன் வேண்டுமென்றால் விதைக்கு ஆசைப்படாமல் பூக்கிற பருவத்தில் பச்சையாக உழுதுவிட வேண்டும், இல்லையென்றால் வேலிக் கிளிரிசிடியாவின் குழையை வெட்டிப் போட வேண்டும். அதையும் விதைப்புக்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் செய்ய வேண்டும். ஆடியில் உழுது மாரி வரை சும்மா விட்டால், உக்கி வந்த நைதரசன் நைத்திரேற்றாக மாறியிருக்கும். வயலில் தண்ணீர் கட்டியதும் அது வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

பொசுபரசும் பொட்டாசியமும் வேறு கதை. அவற்றைக் காற்றிலிருந்து எந்தப் பயறும் கொண்டுவராது. வைக்கோலை வயலுக்குத் திருப்பினால் பொட்டாசியம் ஓரளவு மிஞ்சும், அவ்வளவுதான்.

அந்தக் காக்கா அடுத்த தவணை யூரியாவைக் குறைக்காமல் போட்டார், பயிர் ஓரளவு தெளிந்தது. விளைச்சல் குறைந்ததற்கு என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்லைட்டைத் திருத்திவிட்டேன். பயற்றிலிருந்து இப்போது மூன்று அம்புக்குறி போகிறது: சந்தைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மண்ணுக்கு மெல்லியதாக ஒன்று. பழைய ஸ்லைட் யாருடைய போனிலாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

வருகிற சிறுபோகத்தில் பாலமுனையில் பயறோ கௌபியோ போடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பூக்கும் நேரத்தில், ஐந்தாவது கிழமை அளவில், பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன். ஐந்தாறு செடி போதும். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், அதனால் மண்வெட்டியால் தோண்டித் தண்ணீரில் கழுவ வேண்டும். முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. பயற்றுக்கு யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சே குறைவாக இருக்கும், அப்படி ஒரு வயலும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.