அப்பத்தாவுக்குத் தண்ணி ஊத்தாதீங்க!

ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும், புதிதாக வந்த ரூம்மேட்டுக்கு ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள் அந்த வேளச்சேரி பெண்.

'ஹாய்! நான் வர 10 நாள் ஆகும். நம்ம வீட்டுல இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஜன்னல்ல படர்ந்திருக்கிற மணி பிளான்ட், டோரா. ஊர் சுத்துற ஆளு. மேல் மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. ஹால்ல இருக்கிற பீஸ் லில்லி, பெரியம்மா. தாகம் எடுத்தா மயக்கம் வந்த மாதிரி இலையைத் தொங்கப் போட்டுடுவாங்க. பயப்படாதீங்க, தண்ணி ஊத்தினா சில மணி நேரத்துல நிமிர்ந்துடுவாங்க. மண்ணு ஈரமா இருந்தும் தொங்கினா மட்டும் ஊத்தாதீங்க. வேர் அழுகுதுன்னு அர்த்தம்.

வாள் மாதிரி நிக்கிற ஸ்நேக் பிளான்ட், அப்பத்தா. நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.'

கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். காரணம் இருக்கிறது. இறந்துபோன அப்பத்தாவின் சிவகங்கை வீட்டு முற்றத்திலிருந்து வந்த செடி அது. இலையிலேயே நீரைச் சேர்த்துவைக்கும் ரகம். முன்பு உடனிருந்த தோழி, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினாள். இலைகளின் அடிப்பகுதி மஞ்சளாகி, கூழாகி, நாறியது. கெட்டியாக மிஞ்சிய ஒரே இலையை வெட்டி, இரண்டு நாள் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டாள். புதுக் குருத்து எட்டிப் பார்க்க மாதக்கணக்கானது.

திரும்பி வந்தபோது சீட்டின் அடியில் பதில் இருந்தது: 'பெரியம்மா ஒரு தடவை மயங்கினாங்க, தெளிய வெச்சுட்டேன். அப்பத்தாவைத் தொடவே இல்ல. எங்க தாத்தா பேர்ல ஒரு கற்றாழை வாங்கிக்கட்டுமா?'